நாலு நிமிடத்துக்கு வெட்டிய பேச்சு

எங்கள் நெடுந்தீவுக்கு வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான். இறங்குதுறையில் கால் வைத்ததும் முதலில் கடலைத் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எங்களைப் பார்ப்பது அதற்கும் பிறகுதான். நான் குறையாகச் சொல்லவில்லை. குறிகட்டுவானிலிருந்து இங்கே வர ஒரு மணித்தியாலம் கடலில் ஆட வேண்டும். சோளகம் என்கிற தென்மேல் காற்று எழும்புகிற மாதங்களில் வந்த வழியே திரும்ப ஏலுமா என்ற பயம் யாருக்கும் வரும். ஆனபடியால், உங்களுக்குப் பேசப் பதினைந்து நிமிடம் தருகிறோம் என்று அவர்கள் கடிதத்தில் எழுதினால், அதை அப்படியே நம்புகிறவருக்கு விசர் என்றுதான் சொல்வேன்.

எனக்கு விசர் இல்லை. நான் இரஞ்சிதம், இந்த ஊர் மாதர் சங்கத்தின் செயலாளர். அதற்கு முன்னர் பதினாலு வருடம் கொழும்பில் வானொலிக்குப் பிரதி எழுதினவள். அங்கே நான் படித்த பெரிய பாடமே இதுதான்: முந்தின நிகழ்ச்சி இழுபட்டால் உன்னுடையதுதான் வெட்டுப்படும். எங்கே வெட்டுவது என்பதை எழுதும்போதே நீ முடிவு செய்யாவிட்டால், கடைசி நிமிடத்தில் வேறு யாரோ முடிவு செய்வார்கள். அவர்கள் வெட்டுகிற இடம் ஒருநாளும் நல்ல இடமாக இராது.

போன வருடம் ஆடி மாதம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வருவதாகக் கடிதம் வந்தது. நோயாளரை ஏற்றுவதற்கென்று கூரையும் படுக்கையும் உள்ள ஒரு சின்னப் படகு வாங்கித் தர அவர்களிடம் நிதி இருந்தது. ஒரே ஒரு படகுக்குத்தான் நிதி. கேட்டிருந்ததோ மூன்று தீவுகள். மற்ற இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வருகிறார்கள். ஊர் சார்பில் ஒருவர் பதினைந்து நிமிடம் பேசலாம்.

யார் பேசுவது என்பதில் எனக்கு யோசனையே இருக்கவில்லை. நிலுஜாதான். அவளுக்கு இருபத்தாறு வயது. புருஷனுக்கு மன்னாரில் கடல்தொழில். மகள் துஷானிக்கு அப்போது நாலு வயது. பிள்ளைக்கு முட்டு. மூச்சு இழுக்கத் தொடங்கினால் முகம் நீலமாகிவிடும். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒருநாள் பின்னேரம், பயணிகள் படகு போன பிறகு, பிள்ளைக்குக் கடுமையாக இழுத்தது. எங்கள் ஆசுப்பத்திரியில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்துவிட்டு, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார்கள். அன்றைக்குச் சோளகம் பேயாட்டம் ஆடியது. யசிந்தன் தன் மீன்பிடி வள்ளத்தை இறக்கினான். அவன் தம்பி றொஜன் எஞ்சின் பிடித்தான். ஒட்சிசன் சிலிண்டரோடு ஒரு தாதி ஏறினார். திறந்த வள்ளம், அடிக்கிற அலைத் தண்ணி முழுக்கப் பிள்ளைக்கு மேலே. யசிந்தன் ஒரு தார்ப்பாய்ப் படங்கை விரித்து, காற்றுப் பக்கத்தில் முழங்காலில் நின்று, கரை சேரும்வரை அதைப் பிள்ளைக்கு மேலே கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனான். பிள்ளை தப்பியது. ஆனால் முட்டு மாறவில்லை. அடுத்த முறை எப்போது வரும் என்று நிலுஜா ஒவ்வொரு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவள். அந்தப் படகு அவளுக்குத் தேவைப்பட்டதைப்போல ஊரில் வேறு யாருக்கும் தேவைப்படவில்லை.

பேச்சை நான் எழுதினேன். அட்டைகளில் எழுதினேன், வெள்ளை அட்டை ஆறு, மஞ்சள் அட்டை எட்டு. கட்டாயம் சொல்ல வேண்டியது வெள்ளையில்: அவள் யார், பிள்ளைக்கு என்ன, அன்று என்ன நடந்தது, நாங்கள் கேட்பது என்ன, படகு வந்தால் யார் ஓட்டுவார்கள், யார் பராமரிப்பார்கள். அது மட்டும் நாலு நிமிடம். நேரம் இருந்தால் சொல்லக்கூடிய பந்திகள் மஞ்சளில். அவை நாலு. ஒவ்வொரு பந்திக்கும் இரண்டு அட்டை, மூலையில் பெரிதாக இலக்கம், அதற்குக் கீழே அது எத்தனை நிமிடம் என்ற கணக்கு. ஒரு பந்தி பாதியில் அடுத்த பந்தியின் அட்டைக்குப் போகாது. ஏனென்றால் உருவும்போது அரைகுறை வசனம் கையில் மிஞ்சக்கூடாது. நாலாம் மஞ்சள் தீவின் வரலாறு, அதுதான் முதலில் போகும். பிறகு மூன்றாவது, பிறகு இரண்டாவது. எல்லாவற்றையும் உருவினாலும் வெள்ளை வெள்ளையோடு ஒட்டி ஒரே பேச்சாக நிற்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் படித்தால் சரியாகப் பதினைந்து நிமிடம். கைபேசியில் நேரம் வைத்து மூன்று தரம் பார்த்தோம்.

சண்டை வந்தது யசிந்தனில்தான். அவன் படங்கு பிடித்த கதையையும் அவனுக்குச் சொல்கிற நன்றியையும் நான் மஞ்சளில் எழுதியிருந்தேன். நிலுஜா அதைக் கண்டதும் அட்டைகளை மடியில் வைத்துவிட்டாள்.

"அக்கா, அந்த மனிசனுக்கு நன்றி சொல்லுறது வெட்டக்கூடிய விசயமே?" என்றாள்.

நன்றி சொன்னால் படகு வராது, கேட்டால்தான் வரும் என்று நான் சொன்னேன். அவள் அசையவில்லை. இரண்டு வருடமாக அவனுக்கு ஒழுங்காக ஒரு நன்றி சொல்ல ஏலாமல் திரிகிறாளாம். வீட்டுக்குப் போனால் அவன் பின்பக்கத்தால் நழுவிவிடுகிறான். பிள்ளையோடு கண்டால் பிள்ளைக்கு ஒரு இனிப்பைக் கொடுத்துவிட்டுக் கதையை மாற்றிவிடுகிறான். நாலு பேருக்கு முன்னால் சொன்னால் ஓட ஏலாதே என்று நினைத்திருந்தாளாம். எனக்கு மனம் இளகியது, ஆனால் பிரதி இளகவில்லை. கடைசியில், யசிந்தன் பந்திக்கு ஒன்றாம் இலக்கம் போட்டுக் கொடுத்தேன். அதாவது மஞ்சளில் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போகிறது அதுதான். அது மூன்றரை நிமிடம். ஏழரை நிமிடம் கிடைத்தாலே அவனுக்கு நன்றி சொல்லலாம். நெடுந்தீவுக்கு ஏழரை நிமிடம்கூடத் தரமாட்டார்களா என்று நானே அவளைத் தேற்றினேன்.

வெள்ளை மட்டும் தனியே நிற்குமா என்று பார்க்க, அவளை வெள்ளையை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு எல்லாம் விளங்கியது. சங்கத்து அக்காமார் இரண்டு பேரைக் கூப்பிட்டும் கேட்க வைத்தேன். அவர்களுக்கும் விளங்கியது. ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். நான் திருப்தியோடு அட்டைகளை அடுக்கிக் கட்டினேன்.

குழு வருகிற அன்று பதினொரு மணிக்கு ஊர் மண்டபத்தில் கூட்டம் என்று இருந்தது. கடல் பொல்லாததாக இருந்ததால் அவர்களுடைய படகு வந்து சேரப் பன்னிரண்டு தாண்டிவிட்டது. குழுவின் தலைவி ஓய்வுபெற்ற வைத்தியர், அறுபத்தைந்து வயதிருக்கும். படகில் வாந்தி எடுத்து முகம் வெளுத்துப்போயிருந்தார். மற்ற இருவரில் ஒருவர் பேசவே மாட்டார், எழுதிக்கொண்டே இருப்பார். மூன்றாவது ஆள் பிரதாபன், நேரம் பார்க்கிற பெடியன். கையில் கோப்பு, கழுத்தில் அடையாள அட்டை. அவனைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, என் பதினைந்து நிமிடத்தைக் கொல்லப்போகிறவன் இவன்தான் என்று.

ஆனால் முதல் வெட்டை விழுத்தினது எங்கள் ஆள்தான். சுதாகரன், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். அவருக்கு வரவேற்புரை என்று மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, மேடையில் இருந்தவர்களில் தொடங்கி வாசலில் நின்றவர்கள் வரைக்கும் ஒவ்வொருவராக விளித்து, ஒவ்வொருவருக்கும் மாலை போட்டு, பனையோலைப் பெட்டி கொடுத்து, அந்தப் பெட்டி செய்த பெண்கள் யார் என்றும் விளக்கி, பதினேழு நிமிடம் எடுத்தார். எங்கள் ஊரில் வந்தவர்களுக்கு மாலை போடாமல் கதைக்கத் தொடங்குவது மரியாதைக் குறைவு. அது எனக்கும் தெரியும். அந்த மரியாதைக்கு நேரம் எங்கிருந்து வரும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

பிரதாபன் என்னிடம் குனிந்து, எட்டு நிமிடம்தான் தரலாம் அக்கா என்றான். நான் மறுத்துக் கதைக்கவில்லை. மேடைப் பக்கத்துக் கதிரையில் அட்டைகளோடு இருந்த நிலுஜாவைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினேன். நாங்கள் பேசி வைத்திருந்த சைகை அது. விரல் எத்தனையோ அந்த இலக்கம் வரைக்கும் மஞ்சளை வைத்திரு. மூடிய கை என்றால் மஞ்சள் ஒன்றுமே இல்லை. அவள் நாலையும் மூன்றையும் இரண்டையும் உருவிக் கதிரைக்குக் கீழே வைத்தாள். முகத்தில் கலக்கம் இல்லை. ஒன்று இருக்கிறதே, யசிந்தன் இருக்கிறானே.

அப்போதுதான் இறங்குதுறையிலிருந்து ஆள் வந்தது. காற்று ஏறுகிறது, ஒரு மணிக்குள் புறப்படாவிட்டால் இன்றைக்குத் திரும்ப ஏலாது என்று படகோட்டி சொல்லி அனுப்பியிருந்தார். வைத்தியரின் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்தது. பிரதாபன் கோப்பை மூடித் திறந்து, நாலு நிமிடம் அக்கா, அதுக்கு மேலே ஒரு நொடியும் ஏலாது என்றான்.

நான் கையை மூடிக் காட்டினேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க ஏலாது. கோபம் இல்லை, கெஞ்சல்தான். நான் மூடிய கையை இறக்கவில்லை. அவள் தலையைக் குனிந்து, ஒன்றாம் இலக்க மஞ்சளை உருவி மற்றவற்றோடு வைத்துவிட்டு ஒலிவாங்கிக்குப் போனாள்.

நன்றாகவே படித்தாள். குரல் நடுங்கவில்லை. மகளின் பெயர், வயது, முட்டு, அந்தப் பின்னேரம், திறந்த வள்ளம், ஒரு மணித்தியாலக் கடல் என்று ஒவ்வொரு வெள்ளை அட்டையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து ஒட்டியது. வெட்டிய இடம் எது என்று கேட்கிறவனுக்குத் தெரியாது. என் கைவேலையில் எனக்கே பெருமை வந்தது. கடைசி அட்டை இப்படி முடிந்தது:

"யசிந்தன் அண்ணை ஒவ்வொரு முறையும் படங்கு பிடித்துக்கொண்டு நிற்க ஏலாது. அதனால்தான் நாங்கள் கூரை உள்ள ஒரு படகு கேட்கிறோம். நன்றி."

மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. சபை கைதட்டியது. பிரதாபன்கூடத் தலையை ஆட்டினான். வைத்தியர் கைப்பையை எடுத்தார், பிறகு ஏதோ நினைத்து அதைத் திரும்ப வைத்தார்.

"மகள், ஒரு கேள்வி. யசிந்தன் அண்ணை எண்டது ஆர்? அது என்ன படங்கு?"

ஐயோ, இரஞ்சிதம், பதினாலு வருடம் நீ என்ன கிழித்தாய் என்று என்னை நானே திட்டினேன். யசிந்தன் யார், படங்கு எது என்பதெல்லாம் மஞ்சளில். அந்த மஞ்சளை நம்பி நிற்கிற வசனமோ வெள்ளையில். வெட்டக்கூடிய பந்தியில் ஒரு ஆளை அறிமுகப்படுத்திவிட்டு, வெட்டக்கூடாத பந்தியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. பிரதி எழுதுகிற பிள்ளைகளுக்கு முதல் கிழமையே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. நான் பிழை பிடிக்கவில்லை, அக்காமாரும் பிடிக்கவில்லை, நிலுஜாவும் பிடிக்கவில்லை. எப்படிப் பிடிப்பது? யசிந்தன் படங்கு பிடித்தது எங்கள் ஊரில் தெரியாத ஆள் இல்லை. ஊர்க் காதால் கேட்டால் வெள்ளையில் ஒரு ஓட்டையும் இல்லை. வெளி ஆள் ஒருவரைக் கேட்க வைத்திருக்க வேண்டும். எங்கள் தீவில் வெளி ஆளுக்கு எங்கே போவது?

பிரதாபன் எழும்பி, நேரம் முடிஞ்சுது டொக்டர் என்றான். வைத்தியர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. பேச்சுக்குத்தான் நேரம் முடிந்தது, இது தன்னுடைய கேள்வி, பதில் வரட்டும் என்றார்.

நிலுஜா மஞ்சள் அட்டையைத் தேடி ஓடவில்லை. மண்டபத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் முன்வரிசை திரும்பியது, பிறகு முழுச் சபையும் திரும்பியது. வாசலுக்குப் பக்கத்தில், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு யசிந்தன். பெயர் கேட்டதும் வழக்கம்போல நழுவப் பார்த்திருப்பான். ஆனால் நூற்றைம்பது கண்கள் அவனில் இருக்க எங்கே நழுவுவது? றொஜன் வேறு பக்கத்தில் நின்று அவன் சட்டையைப் பிடித்திருந்தான்.

யசிந்தனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பயணத்துக்குப் பிறகு அவன் மெல்ல மெல்லத் தொழிலை விட்டான். வள்ளத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கரையில் இருந்து வலை பொத்துவதும் ஐஸ் விற்பதுமாக ஆகிவிட்டான். நாற்பத்தைந்து வயதில் கடல் அலுத்துப்போச்சாம். ஊரில் சிரித்தார்கள். யசிந்தனுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்று கதைத்தவர்களில் முதல் ஆள் நான்தான். அவன் முகத்துக்கு நேரேயே, கடைவாசலில் பத்துப் பேர் நிற்க, சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்துவிட்டுப் போவான்.

வைத்தியர் அவனை முன்னுக்கு வரச் சொன்னார். வந்து நின்றான். அன்றைக்கு எப்படிப் பிடித்துக்கொண்டு போனீர்கள் என்று கேட்டார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, சும்மா பிடிச்சுக்கொண்டு போனனான் என்றான். படங்கைக் கட்டிவிட்டிருக்கலாமே என்று அவர் கேட்டபோதுதான் நிமிர்ந்தான். தொழிலைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு வாய் திறந்துவிடும்.

"கட்டேலாது டொக்டர். கட்டினா அது பாய் மாதிரிக் காத்தை வாங்கி வள்ளத்தைக் கவிழ்த்துப்போடும். கையிலை எண்டா, பெரிய காத்துக்கு விட்டுக் குடுத்துப் பேந்து இழுத்துப் பிடிக்கலாம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட."

எப்படிப் பிடித்தீர்கள், ஒருக்காக் காட்டுங்கோ என்றார் வைத்தியர். அவன் தயங்கினான். பிறகு இரண்டு கைகளையும் தூக்கினான். இடக்கை தலைக்கு மேலே போனது. வலக்கை தோள் மட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அவன் அதை இன்னும் தூக்கப் பார்த்தான். நெற்றியில் நரம்பு புடைத்தது, கை ஏறவில்லை.

வைத்தியர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவன் தோளில் விரலை வைத்து அமத்தினார், முழங்கையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். அவன் பல்லைக் கடித்தான். இது எப்ப இருந்து என்று அவர் கேட்டார். நிலுஜாவின் பக்கம் பார்த்துவிட்டு மறுபடியும் நிலத்தைப் பார்த்தான். பின்னாலிருந்து றொஜன்தான் சொன்னான்.

"அண்டைக்கிருந்துதான். நடுக்கடலிலை ஒரு பெருங்காத்து இழுத்தது. தோளிலை டப்பெண்டு சத்தம் எனக்கும் கேட்டது. அண்ணை விடேல்லை. ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

யசிந்தனுக்குக் கடல் அலுக்கவில்லை. வலையைத் தூக்க அவனுக்குக் கை இல்லை. ஒவ்வொரு முறையும் படங்கு பிடித்துக்கொண்டு நிற்க ஏலாது என்று நான் அழகுக்காக எழுதிய வசனம் அப்படியே உண்மை. என்னுடைய பதினைந்து நிமிடப் பேச்சிலும் இது இருக்கவில்லை, நாலு நிமிடப் பேச்சிலும் இருக்கவில்லை. மஞ்சளை வெட்டாமல் விட்டிருந்தால் நிலுஜா அழகாக நன்றி சொல்லியிருப்பாள், எல்லோரும் கைதட்டியிருப்பார்கள், அவர்கள் படகேறிப் போயிருப்பார்கள். இவன் நிலையில் சாய்ந்துகொண்டு சிரித்திருப்பான்.

நிலுஜா ஒலிவாங்கியை விட்டு இறங்கி வந்து அவனுக்கு முன்னால் நின்றாள். அழுதுகொண்டே கேட்டாள்.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் அதையும் சுமந்துகொண்டு திரிவீர். பிள்ளையின்ரை முட்டு ஒண்டு போதாதே உமக்கு."

அவள் அவனுடைய வலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அட்டையில் நான் எழுதிக் கொடுத்த நன்றிப் பந்தியின் ஒரு சொல்கூட அவள் வாயில் வரவில்லை. சங்கத்து அக்காமார் வாய்விட்டு அழுதார்கள். சுதாகரன் வாயை மூடிக்கொண்டு நின்றார், அது நான் கண்டிராத காட்சி. பிரதாபன் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவனை நான் தவறாகத்தான் எண்ணியிருந்தேன். படகோட்டியை இன்னும் பத்து நிமிடம் மறிக்க ஆளை அனுப்பினவனே அவன்தான்.

போகும்போது வைத்தியர் படகைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முடிவு கடிதத்தில் வரும் என்றார், அது முறை. யசிந்தனுக்கு மட்டும் ஒரு துண்டில் பெயரும் திகதியும் எழுதிக் கொடுத்து, யாழ்ப்பாணத்தில் எலும்பு வைத்தியரிடம் போகச் சொன்னார். போகாவிட்டால் தான் திரும்பி வருவேன் என்றும், அந்தக் கடலில் தன்னை இன்னொருமுறை வாந்தி எடுக்க வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். அதற்குச் சபை சிரித்தது.

ஐந்து கிழமை கழித்துக் கடிதம் வந்தது. தபால்காரர் நிற்கவே உறையைக் கிழித்தேன். நெடுந்தீவுக்குத்தான் படகு. காரணத்தை ஒரே ஒரு வரியில் எழுதியிருந்தார்கள்: தேவை நேரில் காணப்பட்டது. மாதாவே என்று கத்திக்கொண்டு நிலுஜா வீட்டுக்கு ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் நான் ஓடியதைக் கண்டு ஊர் நாய்கள் குரைத்தன.

படகு அடுத்த வைகாசியில் வந்து சேர்ந்தது. வெள்ளை நிறம், நீளமான கூரை, இரண்டு பக்கமும் கண்ணாடி, நடுவில் இறுகக் கட்டிய படுக்கை. அதில் முதல் போன நோயாளி யார் என்று நினைக்கிறீர்கள்? யசிந்தன்தான். எலும்பு வைத்தியர் படம் எடுத்துப் பார்த்து, தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது, நாள் கடந்துவிட்டது, என்றாலும் தைத்துப் பார்க்கலாம் என்று சத்திரசிகிச்சைக்கு அந்த மாதம்தான் நாள் கொடுத்திருந்தார். அவன் பயணிகள் படகில் போகிறேன், நான் என்ன நோயாளியா என்று அடம்பிடித்தான். நிலுஜா அவன் பையைப் பறித்துக்கொண்டு போய்ப் புதுப் படகில் ஏறி இருந்துவிட்டாள். மடியில் துஷானி. வேறு வழியில்லாமல் அவனும் ஏறினான். சங்கத்தின் சார்பில் நானும் போனேன்.

அன்றைக்கும் சோளகம். நடுக்கடலில் அலை எழும்பிக் கூரையில் அடித்து, கண்ணாடியில் வழிந்து போனது. உள்ளே ஒரு துளியும் இல்லை. துஷானி கண்ணாடியில் மூக்கை வைத்து அலையைப் பார்த்துச் சிரித்தாள். நிலுஜா கூரையையும் பிள்ளையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. கடவுளுக்கும் அந்த வைத்தியருக்கும் எஞ்சினில் நின்ற றொஜனுக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன். சொல்லிக்கொண்டு வர, பக்கத்தில் இருக்கிறவனுக்கு நான் செய்த அநியாயம் நினைவில் வந்து நின்றது. பத்து மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கேதான் சொன்னேன்.

"யசிந்தன், உம்மைப் பத்துப் பேருக்கு முன்னாலை சோம்பேறி எண்டு சொன்னனான். என்னை மன்னியும்."

அவன் சிரித்தான், கடைவாசலில் சிரித்த அதே சிரிப்பு.

"உங்களுக்கு நான்தான் நன்றி சொல்லோணும் அக்கா. நீங்கள் அப்பிடிச் சொன்னதாலைதான் ஆரும் என்ரை கையைப் பாக்கேல்லை. இந்த நிலுஜாப் பிள்ளையும் ரெண்டு வருசம் நிம்மதியா இருந்தது."

குறிகட்டுவான் வரும்வரைக்கும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.